தொற்றுநோய்க் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தால் இன்சூரன்ஸ் பணம் வருமா? எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். ரேஷன் கார்டு கேரளத்தில், பேசுவது தமிழ், பெரிய வைத்தியம் என்றால் வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர். 2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா வந்தபோதும் அங்கேதான் கொண்டுபோனோம். ஒன்பது வருஷமாக விடாமல் பிரீமியம் கட்டிய பாலிசி கையில் இருந்தது. டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதம் கழித்து, "மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, வீட்டிலேயே தனிமையில் இருந்திருக்கலாம்" என்று எழுதி க்ளெயிமை மறுத்துவிட்டார்கள். அதைத் திருப்பி வாங்க எனக்கு ஏறக்குறைய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நான் தெரிந்துகொண்டதில் பாதியை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தால் அலைச்சலே இருந்திருக்காது. 2025 ஜூலையில் நிபா பாலக்காடு மாவட்டத்துக்கே வந்துவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நிறையப் பேர் என்னிடம் கேட்பது, "பாலிசியில் பெருந்தொற்று கிடையாதென்று போட்டிருக்குமாமே?" என்பதுதான். நானும் முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். நம் நாட்டு ஹெல்த் பாலிசிகளில் சிக்கல் பெரும்பாலும் அங்கே இல்லை. எதற்காகச் சேர்த்தார்கள், சிகிச்சைக்கா, வெறும் தனிமைப்படுத்தலுக்கா என்ற கேள்வியில்தான் க்ளெயிம் தங்கும் அல்லது விழும்.

1. பாலிசியில் எந்த வரியைத் தேடுவது

கையில் கொடுக்கும் ஒரு பக்க அட்டவணை போதாது. பாலிசி நம்பரோடு கம்பெனிக்கு மெயில் போட்டு, முழு நிபந்தனைகளும் உள்ள பிடிஎஃப் கேளுங்கள். அதில் விலக்குகள் என்ற பகுதிக்குப் போங்கள்.

2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (நாம் ஐஆர்டிஏ என்று சொல்வது) ஹெல்த் பாலிசி விலக்குகளுக்கு ஒரே மாதிரியான வாசகங்களைக் கொண்டுவந்தது. அவை Excl01 முதல் Excl18 வரை எண்ணோடு இருக்கும். அந்தப் பதினெட்டில் கொள்ளைநோய் என்றோ பெருந்தொற்று என்றோ ஒன்று கிடையாது. அதே ஆணையம் 2020 மார்ச் 4 அன்று விட்ட சுற்றறிக்கையில், ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் பாலிசி எதுவானாலும் கொரோனா க்ளெயிமைச் சீக்கிரம் பார்க்க வேண்டும், குவாரண்டைன் காலத்தில் நடந்த சிகிச்சைக்கான செலவையும் பாலிசி நிபந்தனைப்படி தர வேண்டும், மறுப்பதாக இருந்தால் க்ளெயிம் பரிசீலனைக் குழு பார்த்த பிறகே மறுக்க வேண்டும் என்று சொன்னது. குவாரண்டைன் காலத்துச் "சிகிச்சை" என்றுதான் அதில் இருக்கிறது. குவாரண்டைனில் "இருந்ததற்கு" என்று இல்லை. இந்த வேறுபாடு பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டியது இரண்டு எண்கள். Excl04, பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது என்பது. Excl05, சிகிச்சை இல்லாத ஓய்வுக்காகப் படுக்கையில் இருந்தால் கிடையாது என்பது. தொற்றுக்காலத்து மறுப்புக் கடிதங்கள் இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும். நிபா சந்தேகத்தில் ஒருவரை ஐந்து நாள் தனி அறையில் வைத்து, ரிசல்ட் நெகடிவ் என்று அனுப்பினால் Excl04 வரும் என்று எதிர்பார்க்கலாம். அதே ஐந்து நாளில் அவருடைய காய்ச்சலுக்கு ஊசியும் டிரிப்பும் ஏறியிருந்தால் கதை வேறு, நெகடிவ் என்றாலும் அது சிகிச்சைதான்.

எண் போட்ட விலக்குகள் முடிந்த பிறகு கம்பெனி தனியாகச் சேர்த்த பட்டியல் ஒன்றும் இருக்கலாம். அதையும் ஒருமுறை பாருங்கள். பயணக் காப்பீடு வேறு ஜாதி. அதில் பெருந்தொற்று விலக்கு இன்னும் பல இடங்களில் நேரடியாகவே எழுதப்பட்டிருக்கும். ஹெல்த் பாலிசி இருக்கிற தைரியத்தில் அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

2. நாள் கணக்கு

புதிதாக எடுக்கும் பாலிசிக்கு முதல் முப்பது நாள் நோய்க்குப் பணம் கிடையாது (விபத்துக்கு உண்டு). ஊரில் தொற்று பரவுகிறது என்று செய்தி பார்த்துவிட்டு எடுத்தால் இந்த முப்பது நாளில்தான் மாட்டுவோம். 2020 ஜூலையில் வந்த கொரோனா கவச் பாலிசிக்கே பதினைந்து நாள் காத்திருப்பு இருந்தது.

இதைவிடப் பெரிய பொறி, கெடு தவறுவது. வருஷ பிரீமியத்துக்கு முப்பது நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டிவிட்டால் பழைய சீனியாரிட்டி போகாது. அதையும் தாண்டினால் புது பாலிசி, மறுபடியும் முப்பது நாள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்பும் முதலிலிருந்து ஓடும். எங்கள் தெருவில் ஒரு சித்தப்பா இப்படித்தான் 2021 ஏப்ரலில் கட்ட மறந்து, ஜூனில் படுத்தார்.

3. அட்மிட் ஆகும் நாள்: இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது

எங்கள் விஷயத்தைச் சொல்கிறேன். அப்பாவுக்கு அப்போது 63 வயது, சர்க்கரை உண்டு. சேர்க்கும்போது ஆக்ஸிஜன் அளவு 95. காய்ச்சலும் களைப்பும் இருந்தது. இரண்டாம் நாள் இரவு 91-க்கு இறங்கியது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஸ்டீராய்டு ஊசி தொடங்கினார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "லேசான கோவிட். சேர்க்கும்போது ஆக்ஸிஜன் 95. நிலைமை சீராக இருந்தது. தனிமையில் வைக்கப்பட்டார்." அவ்வளவுதான். 91 இல்லை, ஆக்ஸிஜன் வைத்தது இல்லை. அந்த மாதம் டாக்டர்கள் தூங்கவே இல்லை, ஒரே வாசகத்தை எல்லோருக்கும் ஒட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மத்திய அரசின் அப்போதைய வழிகாட்டுதலில் 94-ம் அதற்கு மேலும் லேசான நிலை, வீட்டிலேயே இருக்கலாம். 90 முதல் 93 வரை நடுத்தர நிலை, வார்டில் சேர்க்க வேண்டும். இன்சூரன்ஸ் தரப்பு டாக்டர் சம்மரியில் 95-ஐப் பார்த்தார், லேசான நிலை என்றார், மறுத்தார். காகிதத்தின்படி அவர் சொன்னது சரிதான்!

ஆகவே சேரும் நாளிலும் கிளம்பும் நாளிலும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

முதலாவது, "இன்ன காரணத்தால் உள்நோயாளியாகச் சேர்ப்பது அவசியம்" என்று டாக்டர் எழுதி, பதிவு எண்ணோடு சீல் வைத்த கடிதம். சர்க்கரை, பிரஷர், இதய நோய், வயது எல்லாம் அதில் வர வேண்டும். "தனிமைப்படுத்த" என்ற ஒரே காரணம் மட்டும் இருக்கக் கூடாது. உண்மையில் வேறு காரணம் இருந்தால் அது எழுத்தில் வரட்டும். இல்லாத காரணத்தை எழுதச் சொல்லாதீர்கள், கேஸ் ஷீட்டோடு பொருந்தாமல் போனால் இருப்பதும் போய்விடும்.

இரண்டாவது, டிஸ்சார்ஜ் சம்மரியை வண்டியில் ஏறுவதற்கு முன் படியுங்கள். மிகக் குறைந்த ஆக்ஸிஜன் அளவு எந்தத் தேதியில், ஆக்ஸிஜன் எத்தனை நாள், நரம்பு வழியாக ஏறிய மருந்துகள் என்னென்ன என்பது அதில் இருக்கிறதா பாருங்கள். விட்டிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் "டாக்டர் லீவு" என்பார்கள்.

மூன்றாவது, அங்கீகாரம் பெற்ற லேபின் பரிசோதனை முடிவு. பெயரும் வயதும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். மலையாளத்தில் ஒரு மாதிரியும் தமிழில் ஒரு மாதிரியும் எழுதப்படுகிற பெயர்கள் நம் பக்கம் நிறைய. ஒரு எழுத்து மாறினால்கூட விளக்கம் கேட்டு இரண்டு வாரம் இழுப்பார்கள்.

அப்புறம், சேர்க்கும் இடம் "ஆஸ்பத்திரி" என்ற வரையறைக்குள் வருகிறதா என்பது. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊரில் பத்துப் படுக்கை, பெரிய நகரத்தில் பதினைந்து, இருபத்துநாலு மணி நேரமும் டாக்டரும் நர்சும் என்று நிபந்தனை உண்டு. தொற்று முற்றிய காலத்தில் லாட்ஜிலும் மண்டபத்திலும் படுக்கை போட்டார்கள். 2020 ஜூலையில் ஐஆர்டிஏ, மத்திய, மாநில அரசு அனுமதி பெற்ற தற்காலிக ஆஸ்பத்திரிகளையும் ஆஸ்பத்திரியாகவே கருத வேண்டும் என்று சொன்னது. அப்படி ஓரிடத்தில் சேர நேர்ந்தால் அரசு அனுமதி ஆணையின் நகலைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. "வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்றால் வீட்டுச் செலவைத் தருவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். வீட்டுச் சிகிச்சைக்கு என்று பழைய பாலிசிகளில் ஒரு பிரிவு உண்டு. நோயாளியை நகர்த்தவே முடியாத நிலை, அல்லது ஆஸ்பத்திரியில் இடமே இல்லை என்றால்தான் அது வேலை செய்யும். அதிலும் இன்ஃப்ளுயன்சா, பிராங்கைட்டிஸ் போன்றவற்றை விலக்கி ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். கொரோனா கவச் மட்டும் டாக்டர் மேற்பார்வையில் பதினான்கு நாள் வரை வீட்டுச் சிகிச்சையை ஏற்றது, அதற்கும் தினசரிப் பதிவுத் தாள் வேண்டும். உங்கள் பாலிசியில் வீட்டுச் சிகிச்சை உண்டா என்பதை ஆரோக்கியமாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். இடம் கிடைக்காமல் வீட்டில் இருக்க நேர்ந்தால், எந்தெந்த ஆஸ்பத்திரியில் கேட்டீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

5. பில்லில் எவ்வளவு வெட்டுவார்கள்

க்ளெயிம் ஏற்கப்பட்டாலும் முழுத் தொகை வராது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூன்று லட்சம் பாலிசி, அறை வாடகைக்கு வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனிமைப்படுத்தல் அறைதான் இருக்கிறது, 5,000 என்கிறார்கள். எட்டு நாள். பில் இப்படி: வாடகை 40,000, டாக்டர் ஃபீஸும் நர்சிங்கும் 24,000, மருந்து 52,000, டெஸ்ட் 22,000, பிபிஇ கிட், கையுறை, மாஸ்க் 18,000. மொத்தம் 1,56,000.

வாடகையில் 24,000 மட்டும் வரும். ஐந்தில் மூன்று பங்குதான் உங்களுக்குத் தகுதி என்பதால் டாக்டர், நர்சிங் கட்டணத்திலும் அதே பங்கு, 14,400. மருந்தும் டெஸ்ட்டும் முழுதாக வரும். 2020-ல் வந்த விதிப்படி மருந்து, பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் இவற்றில் இந்த விகித வெட்டு போடக் கூடாது, ஐசியூ கட்டணத்திலும் கூடாது. எல்லாவற்றிலும் வெட்டியிருந்தால் இதைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். பிபிஇ கிட், கையுறை, மாஸ்க் வகையறாவுக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது. ஆக வருவது 1,12,400, நம் கையிலிருந்து போவது 43,600.

அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியாகவும், கையுறை, மாஸ்க் போன்றவற்றுக்குத் துணைக் காப்பு உள்ளதாகவும் எடுத்தால் இந்தக் கணக்கில் ஏறக்குறைய முழுத் தொகையும் வரும். பிரீமியம் கொஞ்சம் கூடும். தொற்று நோய்க்குப் பல நேரம் தனி அறையில்தான் வைப்பார்கள் என்பதால் இந்தச் செலவு நம் விருப்பத்தில் இல்லை. ஆகவே இதைக் கூடுதல் வசதி என்று நினைத்துத் தள்ளாதீர்கள்.

அரசுகள் கட்டண வரம்பு வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2021 மே மாதம் கேரள அரசு, தரச் சான்று இல்லாத தனியார் ஆஸ்பத்திரியில் பொது வார்டுக்கு நாளொன்றுக்கு 2,645 ரூபாய் என்று ஆணை போட்டது. அதற்கு மேல் பில் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ஆணையைக் காட்டி மிச்சத்தை வெட்டும், ஆஸ்பத்திரி நம்மிடம் கேட்கும். டிஸ்சார்ஜுக்கு முன்பே அந்த ஆணையின் நகலோடு பில்லிங் கவுண்டரில் பேசிவிடுவதுதான் வழி.

6. எல்லை தாண்டிப் போகும்போது

பாலிசி பாலக்காட்டுக் கிளையில் எடுத்ததா, கோயம்புத்தூரில் எடுத்ததா என்பதால் காப்பு மாறாது, நாடு முழுக்கச் செல்லும். ஆனால் சில பாலிசிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்துப் பிரீமியம் வாங்கும். சிறிய ஊர் மண்டலத்தில் கட்டிவிட்டுப் பெரிய ஊர் மண்டலத்தில் படுத்தால் பில்லில் ஒரு பங்கை நாமே தர வேண்டும் என்று இருக்கும். "மண்டலம்", "இணைப் பங்கு" என்ற பொருளில் ஏதாவது வருகிறதா என்று ஏஜென்ட் அண்ணனிடம் கேட்காமல் பிடிஎஃபிலேயே தேடுங்கள்.

வேலந்தாவளத்திலும் வாளையாரிலும் பாஸ் கேட்டு நிறுத்திய நாள்கள் நமக்கு மறக்காது. அன்று நினைத்த ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் எத்தனையோ பேர் கிடைத்த இடத்தில் சேர்ந்தார்கள். அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு நெட்வொர்க் ஆஸ்பத்திரிகளின் பெயரை எழுதி வையுங்கள். நெட்வொர்க்கில் இல்லாத இடத்திலும் இப்போது கேஷ்லெஸ் கேட்கலாம். அவசரமாகச் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 மே மாத விதிப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் வர வேண்டும். கம்பெனி தடைப்பட்டியலில் போட்ட ஆஸ்பத்திரி என்றால் மட்டும் எச்சரிக்கை. உயிருக்கு ஆபத்தான நிலையில் சேர்த்தால் நிலைமை சீராகும் வரைதான் அங்கே செலவு ஏற்கப்படும்.

7. மறுத்துவிட்டால்

முதலில் எழுத்தில் காரணமும் பாலிசியின் எந்தப் பிரிவு என்பதும் கேளுங்கள். பிரிவு எண் இல்லாத மறுப்பை ஏற்காதீர்கள்.

அடுத்து, ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் மனு எழுதிக் கொடுத்து முழு கேஸ் ஷீட்டின் நகல் வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. எனக்கு நகலெடுக்க நானூறு ரூபாய் ஆனது. என் அத்தை மகள் நர்ஸ். அவள்தான் போனில், "அண்ணா, சம்மரியை விட்டுடு. நர்சிங் சார்ட்டை வாங்கு. நாங்க நாலு மணிக்கொரு தரம் எழுதுவோம், அதில் பொய் இருக்காது" என்றாள். வாங்கிப் பார்த்தால் இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு 91 என்று நீல மையில் இருந்தது. பக்கத்திலேயே ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர், ஊசி எத்தனை மணிக்கு எல்லாம் இருந்தது. அந்த ஒரு பக்கம்தான் எங்கள் க்ளெயிம்.

அந்த நகலோடு ஆஸ்பத்திரிக்குப் போய், திருத்திய சம்மரியும் டாக்டர் கடிதமும் வாங்கினேன். பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். மறுப்புக் கடிதத்தின் வாசகத்தை ஒரு பத்தியில் எழுதி, அடுத்த பத்தியில் கேஸ் ஷீட்டின் பக்க எண், தேதி, மணி, அளவு, அரசு வழிகாட்டுதலில் 90–93 என்பது எந்த நிலை என்பதை எழுதினேன். கோபத்தை அதில் காட்டவில்லை. ஐஆர்டிஏவின் புகார்த் தளத்திலும் அதே புகாரைப் பதிந்து டோக்கன் எண்ணை எடுத்து வைத்தேன். இப்போது அதற்கு bimabharosa.irdai.gov.in தளம் இருக்கிறது.

ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தரவில்லையென்றாலோ, கம்பெனி மேல் உள்ள புகாரை விசாரித்து உத்தரவு போடும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், இதைத் தவறவிடாதீர்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கேரளத்தில் வசிப்பவர்களுக்கு எர்ணாகுளம் அலுவலகம், தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குச் சென்னை, ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூரில் இருப்பவர்களுக்கு ஹைதராபாத். ஆஸ்பத்திரி எங்கே என்பது இதில் கணக்கில்லை. நாம் வசிக்கும் இடம் அல்லது கம்பெனிக் கிளை இருக்கும் இடம்தான் பார்ப்பார்கள். கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்ததால் சென்னைக்குத்தான் எழுத வேண்டும் என்று ஒருவர் சொன்னதை நம்பி நான் மூன்று வாரம் வீணாக்கினேன். cioins.co.in தளத்திலேயே புகார் போடலாம்.

எங்களுக்கு 2021 ஆகஸ்டில் மறுப்பு வந்தது, நவம்பரில் எர்ணாகுளத்துக்கு எழுதினேன், பிப்ரவரியில் வீடியோ மூலம் விசாரணை. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கம்பெனித் தரப்பில் சம்மரியைப் படித்தார்கள். நான் நர்சிங் சார்ட்டின் பக்க எண்ணைச் சொன்னேன், அதைத் திறந்து பார்த்தார்கள். உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. உத்தரவு கிடைத்த முப்பது நாளுக்குள் கம்பெனி பணம் தர வேண்டும். பிபிஇ கிட் தொகை கழித்து மீதி, ஏப்ரல் முதல் வாரம் அப்பா கணக்கில் ஏறியது.